பயிற்சிப் பட்டறைக்கு ஆளுக்கு எவ்வளவு முடிந்தது?

"திருகோணமலையில் வைத்த பட்டறைக்கு ஆளுக்கு 1,500 ரூபாய், மூதூரில் 1,950. மூதூரில் வீண்செலவா?"

இல்லை, வீண்போனது திருகோணமலையில்தான். இரண்டிலும் மண்டபம் 30,000, ஆட்கூலி 20,000 என்று வைப்போம். யார் வந்தாலும் வராவிட்டாலும் இந்த 50,000 மாறாது. திருகோணமலைக்கு வந்த 80 பேருக்குப் பிரித்தால் 625, மூதூரின் 40 பேருக்கு 1,250. கூட்டம் சிறிதென்பதால் வந்த வித்தியாசம் அது.

அடுத்தது ஆளுக்கேற்ப மாறும் செலவு: ஒருவருக்குச் சாப்பாட்டுப் பார்சல் 600, அச்சுத்தாள் கோப்பு 100, ஆக 700. மூதூரில் சரியாக 40 பேருக்கே எடுத்தார்கள். திருகோணமலையில் 100 பேருக்குச் சொல்லி 20 மிஞ்சியது: 70,000 ஐ 80 ஆல் பிரித்தால் 875. அந்த 175 தான் வீண். பதிவுப் பட்டியலின் 100 ஆல் வகுத்திருந்தால் இது தெரியாது. கையொப்பத் தாளை எண்ணுங்கள். ஒப்பிடும்போது மாறாத செலவு, ஆளுக்கேற்ப மாறும் செலவு என்ற இரு பங்கையும் தனித்தனியே வையுங்கள்.