சிடிசி 80,000 என்றால் கையில் எவ்வளவு வரும்?

கேள்வி: நான் ஹட்டன். முதல் வேலை, கொழும்புக் கம்பெனி. ஆஃபர் லெட்டரில் மாத சிடிசி 80,000 ரூபா என்று இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 50,000, போக்குவரத்து 8,000, இன்சென்டிவ் 10,000, மீதி ஈபிஎஃப், ஈடிஎஃப், பணிக்கொடை, இன்சூரன்ஸ். கையில் எவ்வளவு வரும்?

பதில்:

நல்ல மாதத்தில் 64,000. இன்சென்டிவ் வராத மாதத்தில் 54,000. போர்டிங் தேடும்போது இந்த 54,000ஐ மனதில் வைத்துத் தேடுங்கள்.

சிடிசி என்பது உங்களை வைத்திருக்கக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளத்தில் 12 வீதம், அதாவது 6,000, கம்பெனி கட்டும் ஈபிஎஃப். 3 வீதம், 1,500, ஈடிஎஃப். மீதி 4,500 பணிக்கொடைக்கும் இன்சூரன்சுக்கும். இந்த 12,000 உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. அதிலும் பணிக்கொடை ஐந்து வருஷம் வேலை செய்தால்தான். மூன்று வருஷத்தில் விலகினால் அந்தக் காசு கடிதத்தில் இருந்ததோடு சரி.

ஆக மிஞ்சுவது 68,000. அதில் உங்கள் ஈபிஎஃப் பங்கு 8 வீதம், 4,000 வெட்டுப்படும். (யூடியூப்பில் வரும் இந்தியக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அங்கே ஊழியர் பங்கே 12 வீதம்.) மாதம் 150,000 வரை வருமான வரி இல்லை என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

இடிக்கிற இடம் இன்சென்டிவ்தான். என் முதல் வேலையில் அது வேலைக்கு வரும் நாட்களோடு கட்டப்பட்டிருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேருக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். அலுவலக வேலையில் முதல் வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான் லீவு சேரும், எனக்கு அப்போது ஒன்றும் மிச்சம் இல்லை. இரண்டு நாளும் நோபே ஆனது, கூடவே அந்த மாத இன்சென்டிவ் முழுதாகப் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னால், தோட்டத்தில் அரை நாள் சம்பளம் மட்டும் போடுவதை நினைத்து, "அங்கேயும் அரைப் பேர் போடுறாங்களா?" என்று கேட்டார்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் எச்ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ப்ரொபேஷன் காலத்தில் இன்சென்டிவ் உண்டா, எதை வைத்துக் கணக்கிடுவீர்கள், எத்தனை நாள் லீவு போட்டால் வெட்டுவீர்கள்? போனில் கேட்டால் "எல்லாருக்கும் கிடைக்கும் தம்பி" என்பார்கள். எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், முதல் சம்பளச் சிலிப் வந்ததும் ஈபிஎஃப் வெட்டு எவ்வளவு என்று பாருங்கள். 4,000 இருந்தால் சரி. 10,000 என்று இருந்தால் கம்பெனியின் 12 வீதத்தையும் உங்களிடமே வெட்டுகிறார்கள். அது சட்டப்படி தவறு, சிலிப்போடு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம்.