விற்பதற்கு முன்பே விழுந்த விலை: 1999 தங்கச் சரிவு பற்றிச் சில கேள்விகள்

தங்கம் ஏறும்போதெல்லாம், அது மண்ணைக் கவ்விய 1999-ஐப் பற்றி யாராவது கேட்டு எழுதுவார்கள். இந்த முறை வந்தவற்றில் ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிரிட்டன் தன் தங்கத்தைச் சந்தையில் கொட்டியதால்தான் விலை சரிந்தது என்கிறார்களே, எவ்வளவு கொட்டியது?

விலை சரியத் தொடங்கியபோது பிரிட்டன் ஒரு கிராம்கூட விற்றிருக்கவில்லை. 1999 மே 7 அன்று அந்நாட்டு நிதித்துறை வெளியிட்டது வெறும் அறிவிப்புதான். கையில் உள்ள 715 டன்னில் 415 டன் வரை விற்போம், முதல் ஆண்டில் 125 டன், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 25 டன் வீதம் ஏலம். அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு அவுன்ஸ் சுமார் 282 டாலர். முதல் ஏலம் நடந்தது ஜூலை 6-ல், கிடைத்த விலை 261.20 டாலர். இடைப்பட்ட இரண்டு மாதத்தில் விழுந்த 20 டாலரும் அறிவிப்பின் வேலை. அதே மாதம் 20-ஆம் தேதி லண்டனில் பிற்பகல் விலை 252.80 டாலர். 1979-க்குப் பிறகு அவ்வளவு கீழே வந்ததில்லை.

ஆண்டுக்கு 125 டன் அத்தனை பெரிய அளவா?

இல்லை. அன்றைய சுரங்க உற்பத்தி ஆண்டுக்கு சுமார் 2,500 டன், அதில் இது 5 சதவீதம். லண்டன் சந்தையில் ஒரே நாளில் கைமாறிய கணக்கு 3 கோடி அவுன்ஸ் அளவில் இருந்தது. அதாவது 900 டன்னுக்கு மேல். ஒரு ஏலத்தின் 25 டன் அதில் கரைந்துபோயிருக்க வேண்டும்.

சந்தை பயந்தது இந்த 125 டன்னுக்கு அல்ல. அடுத்து யார் என்ற கேள்விக்கு. உலக மத்திய வங்கிகளிடமும் சர்வதேச நிதியத்திடமும் சேர்த்து 30,000 டன்னுக்கு மேல் இருந்தது. அது சுரங்கங்களின் பன்னிரண்டு ஆண்டு உற்பத்திக்கும் அதிகம். நெதர்லாந்தும் பெல்ஜியமும் தொண்ணூறுகளில் ஏற்கெனவே விற்றுவிட்டன. சுவிட்சர்லாந்து சுமார் 1,300 டன் உபரி என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1999 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் நாணயத்துக்கும் தங்கத்துக்குமான முடிச்சையும் அவிழ்த்துவிட்டது. ஏழை நாடுகளின் கடன் சுமையைக் குறைக்க நிதியமும் ஒரு கோடி அவுன்ஸ் வரை விற்கலாம் என்று பேசியது. இத்தனைக்கும் நடுவில் லண்டனே, உலகத் தங்க வியாபாரத்தின் தலைமையகமே, எங்களுக்கும் வேண்டாம் என்றால் வாங்க நினைத்தவன் என்ன செய்வான்? காத்திருப்பான்.

சொல்லாமல் விற்றிருந்தால் விலை விழுந்திருக்காதா?

ஆஸ்திரேலியா அப்படித்தான் செய்தது. அதன் ரிசர்வ் வங்கி 167 டன்னை, அதாவது தன் இருப்பில் மூன்றில் இரண்டு பங்கை, ஓசைப்படாமல் விற்று முடித்துவிட்டு 1997 ஜூலை 3-ல்தான் வெளியே சொன்னது. விற்ற மாதங்களில் சந்தை பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சொன்ன பிறகு, விற்க எதுவும் மிச்சமில்லாத நிலையிலும், சில நாட்களில் விலை 12 ஆண்டுகளில் காணாத அளவுக்கு இறங்கியது. தங்கம் வெட்டியெடுக்கும் நாடே கைகழுவிவிட்டதே என்பதுதான் செய்தி. ஆனால் அந்த வங்கிக்கு நஷ்டமில்லை, பழைய விலையிலேயே காசு வாங்கிவிட்டது. பிரிட்டனோ தேதியும் அளவும் முதலிலேயே சொல்லிவிட்டு, இறங்கிய விலையில் விற்றது. வெளிப்படைத்தன்மை என்று அரசு காரணம் சொன்னது. பொதுச்சொத்தை விற்பதில் அது நியாயமான காரணம்தான். ஆனால் விற்பவரே முன்கூட்டித் தேதி சொன்னால் அந்தச் செலவை அவர்தான் ஏற்க வேண்டும்.

பயம் மட்டும் விலையை இவ்வளவு இறக்குமா? யாராவது நிஜமாக விற்றிருக்க வேண்டுமே?

சரியான கேள்வி. விற்றார்கள்: சுரங்க நிறுவனங்களும் ஊக வணிகர்களும். அதுவும் தங்களிடம் இல்லாத தங்கத்தை.

மத்திய வங்கிகள் பெட்டகத்தில் தூங்கும் தங்கத்தைக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். அடுத்த ஆண்டு ஒரு லட்சம் அவுன்ஸ் வெட்டியெடுக்கப்போகும் ஒரு சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம் (கணக்கு எளிதாக இருக்க உருண்டை எண்கள்). லண்டன் வங்கி வழியாக ஒரு லட்சம் அவுன்ஸை 1.5 சதவீதத்துக்குக் கடனாகப் பெற்று, இன்றைய 285 டாலருக்கு விற்றுவிடுகிறது. வந்த பணத்தை 5 சதவீத வட்டிக்குப் போடுகிறது. ஆண்டு முடிவில் வெட்டியெடுத்த தங்கத்தைக் கொண்டு கடனை அடைத்தால், வட்டி வித்தியாசமான 3.5 சதவீதமும் சேர்ந்து அவுன்ஸுக்கு ஏறத்தாழ 295 டாலர் நிச்சயம். விலை 255-க்கு விழுந்தாலும் 295 கிடைக்கும்.

இந்த வசதி இருக்கும்போது, மே 7 அறிவிப்பைப் படித்த சுரங்க நிர்வாகி என்ன செய்வார்? இரண்டு மூன்று ஆண்டு உற்பத்தியை இன்றே விற்றுவிடுவார். வருங்காலத் தங்கம் முழுக்க இன்றைய சந்தைக்கு வந்து நிற்கும், விலை இறங்கும். அதைப் பார்த்து அடுத்தவரும் விற்பார். சுரங்கமே இல்லாத ஊக வணிகர்களும் கடன் வாங்கி விற்றார்கள், பிறகு மலிவாக வாங்கி அடைத்துக்கொள்ளலாம் என்று. 25 டன் அறிவிப்பு அதைப்போல் பல மடங்கு விற்பனையைக் கிளப்பிவிட்டது இப்படித்தான்.

முதல் ஏலத்தில் ஐந்து மடங்குக்கு மேல் கேட்பு வந்ததாமே? அப்புறமும் ஏன் விலை ஏறவில்லை?

வந்தது உண்மைதான். ஆனால் எந்த விலைக்குக் கேட்டார்கள் என்று பாருங்கள். கடன் வாங்கி விற்றவர்களுக்கு, திருப்பி அடைக்கத் தங்கம் மலிவாகக் கிடைக்கும் இடமாகவும் ஏலம் இருந்தது. பெரிய வரிசை நின்றது, உயர்ந்த விலைக்கு அல்ல.

பிறகு சரிவு எப்படி நின்றது?

அதுவும் ஓர் அறிவிப்பால்தான். 1999 செப்டம்பர் 26 அன்று வாஷிங்டனில் ஐரோப்பாவின் 15 மத்திய வங்கிகள் கூட்டாகச் சொன்னவை இரண்டு. ஐந்தாண்டுகளில் 2,000 டன்னுக்கு மேல் விற்கமாட்டோம், ஆண்டுக்கு 400 டன் அளவில்தான். கடன் கொடுப்பதையும் இதற்கு மேல் கூட்டமாட்டோம்.

முதலாவதை எல்லோரும் பேசினார்கள்; என் கணிப்பில் குறிதவறாமல் தைத்தது இரண்டாவது. கடன் வாங்கி விற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்ப வாங்க ஓடினார்கள். தங்கக் கடனின் வட்டி 9 சதவீதத்தைத் தாண்டியது, விலை பத்தே நாளில் 320-ஐக் கடந்தது. கானா நாட்டின் அஷாந்தி கோல்டுஃபீல்ட்ஸ் பெரிய அளவில் முன்விற்பனை செய்து வைத்திருந்தது, விலை ஏற ஏற அந்த ஒப்பந்தங்களின் நஷ்டம் பெருகியது. தங்கம் ஏறியதால் ஒரு தங்கச் சுரங்க நிறுவனம் திவாலின் விளிம்புக்குப் போன வினோதம் அது.

நம் ஊரில் அந்தச் சரிவு ஏன் அவ்வளவாகத் தெரியவில்லை?

ரூபாயும் சேர்ந்து இறங்கியதால். 1996 தொடக்கத்தில் அவுன்ஸ் 400 டாலர், டாலர் 35 ரூபாய் என்று வைத்தால் 14,000 ரூபாய். 1999-ல் 255 டாலரை 43-ஆல் பெருக்கினால் சுமார் 11,000. டாலரில் 36 சதவீத வீழ்ச்சி, ரூபாயில் 22-க்குள் அடங்கிவிட்டது. இறக்குமதி வரி இந்தக் கணக்கில் சேரவில்லை.

அந்த வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் பிரிட்டன் விற்றதே?

விற்றது. 2002 மார்ச் வரை 17 ஏலங்கள், மொத்தம் 395 டன், சராசரியாக அவுன்ஸுக்கு சுமார் 275 டாலர். ஆனால் 2001 வசந்தத்தில் விலை மறுபடியும் 256-க்கு அருகே வந்ததை மறக்கக்கூடாது. அப்போது புதிய விற்பனை அறிவிப்பு எதுவும் காரணமல்ல. டாலர் வலுவாக இருந்தது, தங்கத்தை யாரும் சீந்தவில்லை. அறிவிப்புகள் சரிவை வேகப்படுத்தின, ஆழப்படுத்தின. ஆனால் 1980-ல் 850 டாலரைத் தொட்டபின் தொடங்கிய நீண்ட இறக்கத்தை அவற்றின் தலையிலேயே கட்ட முடியாது.