மொத்தம் சரி, பேட்ச் தப்பு: மருந்தக ஆடிட் கேள்வி பதில்

குன்னூரில் இருந்துகொண்டு நீலகிரியின் சிறிய, நடுத்தர மருத்துவமனைகளில் மருந்தகக் கணக்குப் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் என் வேலைக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

மேடம், மாதாமாதம் எண்ணுகிறோம். கம்ப்யூட்டர் கணக்கும் அலமாரியும் ஒத்துப்போகிறது. ஆனாலும் போன வாரம் காலாவதியான மெட்ஃபார்மின் அட்டைகள் கிடைத்தன. எக்ஸ்பைரி லிஸ்டில் அது வரவே இல்லை. சாஃப்ட்வேர் கோளாறா? (மருந்தாளுநர், கோத்தகிரி)

சாஃப்ட்வேர் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நீங்கள் மொத்தத்தை எண்ணினீர்கள், பேட்ச் வாரியாக எண்ணவில்லை. நான் பார்த்த மருந்தகங்களில் அடிக்கடி அகப்படும் ஓட்டை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் மெட்ஃபார்மின் 60 அட்டை, அலமாரியிலும் 60 அட்டை என்று வைத்துக்கொள்வோம். மாதக்கடைசியில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். இப்போது அதே அறுபதைப் பேட்ச் பார்த்துப் பிரியுங்கள். கம்ப்யூட்டரில் பழைய பேட்ச் 0, புதிய பேட்ச் 60. அலமாரியிலோ பழையது 14, புதியது 46.

நடந்தது இது. பில் போடும்போது, முதலில் காலாவதியாகும் பேட்ச்சைச் சாஃப்ட்வேர் தானாகவே எடுத்துக்கொண்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் புதுப் பெட்டி வந்த அன்று அதை அலமாரியின் முன்பக்கம் வைத்துவிட்டார்கள். கவுன்டரில் நிற்பவரின் கை முன்னால் இருப்பதைத்தான் எடுக்கும். காகிதத்தில் பழைய பேட்ச் போனது, கையில் புதியது போனது. பதினான்கு அட்டைக்குப் பிறகு பழைய பேட்ச் கம்ப்யூட்டரில் தீர்ந்துவிட்டது. இருப்பு இல்லாத பேட்ச் எக்ஸ்பைரி லிஸ்டில் எப்படி வரும்? லிஸ்ட் அலமாரியைப் பார்த்துத் தயாராவதில்லை, கணக்கைப் பார்த்துத்தான் தயாராகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பேட்ச்சைத் தரமற்றது என்று அறிவித்தால், அது யார் யாருக்குப் போனது என்று பில்லைப் பார்த்துத்தான் தேடுவீர்கள். பில்லில் இருக்கும் பேட்ச் நோயாளி கையில் இருக்கும் பேட்ச் இல்லையென்றால், தப்பான ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எண்ணும் விதத்தை மாற்றுங்கள். எண்ணுகிறவர் கையில் கம்ப்யூட்டர் லிஸ்ட் இருக்கக் கூடாது. 60 என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால் 60தான் கிடைக்கும். வெறும் தாளில் மருந்து, பேட்ச், எக்ஸ்பைரி, எண்ணிக்கை என்று நான்கு பத்தி போட்டுக் கொடுங்கள். 24 மணி நேர மருந்தகம் என்றால் எண்ணத் தொடங்கும்போது கடைசி பில் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் போன சரக்கைத் தனியாகச் சேர்த்துக் கணக்குப் போடலாம். பொருளெல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ண வேண்டாம், தினம் ஓர் அடுக்கு போதும்.

அப்புறம், வித்தியாசம் தெரிந்தவுடன் 'ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்' பட்டனை அழுத்தி நேர்செய்யாதீர்கள். காரணம் தெரிந்த பிறகுதான் அந்தப் பட்டன்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது மேடம்? எங்களுக்கு 30 படுக்கை. (நிர்வாகி, ஊட்டி)

பேட்ச் வாரியாக இருப்பு காட்டுவதும், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று அழிக்க முடியாமல் பதிவதும் இருந்தால் போதும். பெயர் சொல்ல மாட்டேன்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மிச்சத் துண்டில் தேதி இல்லாமல் போகிறது. அதை எப்படிக் கணக்கில் காட்டுவது? (கவுன்டர் ஊழியர், குன்னூர்)

தேதி இல்லாத துண்டு காலாவதியானதாகவே கருதப்படும், நோயாளிக்குப் போகக் கூடாது. வெட்டும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பேட்ச்சும் தேதியும் பல அட்டைகளில் ஓர் ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அதற்கு எதிர் ஓரத்திலிருந்து வெட்டினால் கடைசி மாத்திரை வரை தேதி உங்களிடமே இருக்கும். வாங்கிப் போகிறவருக்குத் தேதியைக் கவரில் எழுதிக் கொடுங்கள். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். முதல் தேதியே தூக்கிப் போட வேண்டியதில்லை.

மழையில் ரோடு அடைபடும் என்று மூன்று மாதச் சரக்கு வாங்கச் சொல்கிறார் எங்கள் சேர்மன். பாதி காலாவதியாகிறது. (மருந்தாளுநர், கூடலூர்)

உங்களுக்கு ஜூன், ஜூலையில் மழை. மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். இரண்டுக்கும் சேர்த்து வருடம் முழுக்க மூன்று மாதச் சரக்கு எதற்கு? தினமும் ஓடுகிற பொருளுக்கு மட்டும் அந்தந்தப் பருவத்தில் கூட்டுங்கள். மாதம் நான்கு போகிற மருந்தைக் கூட்டவே வேண்டாம்.

பாம்புக்கடி மருந்து, அட்ரினலின், அட்ரோபின் போன்றவை வேறு கணக்கு. அவை பயன்படாமல் காலாவதியானாலும் இருந்தே ஆக வேண்டும். அந்த நஷ்டத்தைத் தனித் தலைப்பில் காட்டுங்கள். எக்ஸ்பைரியே பூஜ்யம் என்று பெருமையாகக் காட்டுகிற மருத்துவமனையில் முதலில் இந்த அலமாரியைத்தான் திறந்து பார்ப்பேன். மற்றவற்றைச் சப்ளையர் எத்தனை மாதத்துக்கு முன்னால் திருப்பி எடுப்பார் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ப்பேச்சுக்குக் கிரெடிட் நோட் வராது.

பான்டோபிரசோல் ஊசி 15 குப்பி குறைகிறது. திருட்டு என்கிறார் கணக்காளர். எனக்குத் தூக்கமே இல்லை. (மருந்தாளுநர், பெயர் வேண்டாம்)

திருட்டு என்று சொல்லும் முன் நீங்கள் அனுப்பிய எண்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். மாத ஆரம்பத்தில் எண்ணியது 120, வாங்கியது 200, ஆக 320. பில் ஆனது 236. வார்டிலிருந்து திரும்பியதாகப் பில்லில் கழித்தது 22. 320இல் 236ஐக் கழித்து 22ஐக் கூட்டினால் 106 இருக்க வேண்டும். எண்ணியது 91.

நான் முதலில் அந்த 22ஐத்தான் தொடுவேன். டிஸ்சார்ஜ் அன்று நோயாளியின் பில்லைக் குறைக்க வார்டிலிருந்து ரிட்டர்ன் சீட்டு வரும், கவுன்டரில் உடனே கழித்துவிடுவார்கள். குப்பி வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்டுப் பார்த்ததில் 12தான் கைக்கு வந்திருக்கிறது, மீதி 10 வார்டு டிரேயில் இருக்கிறது என்கிறீர்கள். சரி, பத்து தெரிந்துவிட்டது.

மீதி ஐந்துக்கு இரவு இன்டென்ட் சீட்டுகளைப் பாருங்கள். நள்ளிரவில் வந்தவருக்கு அவசரத்தில் போட்டிருப்பார்கள், விடிவதற்குள் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருப்பார்கள், பில் மூடியிருக்கும், சீட்டு கம்பியில் குத்தியபடியே கிடக்கும். அந்தச் சீட்டுகளை நோயாளிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்தும் அங்கே கிடைத்தால் கணக்கு முடிந்தது. கிடைக்காவிட்டால் கணக்காளர் சொல்வதையும் விசாரித்துத்தான் ஆக வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர். ஒரு மருந்தில் 10 குறையும், இன்னொன்றில் 10 கூடும். கழித்துப் பார்த்தால் பூஜ்யம். இதற்கு இவ்வளவு அலட்டலா அம்மா? (ஊட்டி)

ஒரே மருந்தின் இரண்டு பிராண்டுகள் என்றால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. மாற்றிப் பில் போட்டிருப்பார்கள், ஒன்று கூடும், மற்றொன்று குறையும். ஆனால் ஆன்டிபயாடிக்கில் 10 குறைந்து வலிமருந்தில் 10 கூடினால் அது இரண்டு தனித் தவறு. குறைவைவிடக் கூடுதலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன் ஐயா. கூடுதல் என்றால் பில் ஆகியிருக்கிறது, மருந்து போகவில்லை. ஒன்று, நோயாளி காசு கொடுத்தும் மருந்து கிடைக்காமல் போயிருக்கிறார். இல்லை, வார்டில் ஏற்கெனவே கிடந்த குப்பியைப் போட்டுவிட்டு இவர் பேரில் பில் போட்டிருக்கிறார்கள்.

மேடம், வார்டு நர்ஸாகச் சொல்கிறேன். எங்களைத் திருடர் மாதிரிப் பேசுகிறீர்கள். இரவு ஒன்பதுக்கு மருந்தகம் பூட்டிவிடுகிறது. டிரேயில் நாலு குப்பி வைக்காமல் எப்படி? (கூடலூர்)

வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை சிஸ்டர். எழுதி வையுங்கள் என்கிறேன். டிரேயில் என்ன, எத்தனை என்று ஒரு பட்டியல் ஒட்டுங்கள். எடுத்ததற்கு நோயாளி பெயரில் சீட்டு, காலையில் அதே எண்ணிக்கைக்கு நிரப்புதல். எண்ணும் நாளில் டிரேயையும் மருந்தகத்தின் இருப்பாகவே எண்ண வேண்டும்.

டிரேயே கூடாது. அதுதான் ஓட்டை. பில் இல்லாமல் ஒரு ஊசிகூட நகரக் கூடாது என்று நாங்கள் விதி போட்டிருக்கிறோம். (கணக்காளர், குன்னூர்)

உங்கள் மருத்துவமனையில் இரவு மருந்தாளுநர் இருக்கிறார். சிஸ்டர் இருக்கும் இடத்தில் இல்லை.

(அதே கணக்காளர்) அப்படியானால் இரவுக்கு ஆள் போடச் சொல்லுங்கள்.

(அதே நர்ஸ்) சம்பளம் நீங்கள் தருவீர்களா சார்?

இதை நீங்கள் இருவரும் உங்கள் உங்கள் நிர்வாகத்திடம் பேசிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை எழுதப்பட்ட டிரே எனக்குப் போதும், கணக்காளர் சாருக்குப் போதாது.

காப்பீட்டுத் திட்ட நோயாளிக்கு ஒரே பேக்கேஜ் தொகை. மருந்து பில்லே போடுவதில்லை. ஒத்துப்பார்ப்பது எப்படி?

பில் போடுங்கள். நோயாளியிடம் வசூல் இல்லை, அவ்வளவுதான். அவர் பெயர், மருந்து, பேட்ச், எண்ணிக்கை எல்லாம் ஏற வேண்டும். இல்லையென்றால் மாதக்கடைசியில் எந்தக் குறைவு வந்தாலும் "பேக்கேஜ் நோயாளிக்குப் போனது" என்று சொல்லிவிடலாம். சொல்லவும் செய்கிறார்கள்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

மேலே பாருங்கள்.

ரெப் கொடுத்த சாம்பிளும் அலமாரியில் சேர்ந்துவிட்டது. கணக்கு கூடுகிறது.

விற்பனைக்கு அல்ல என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். இன்றே எடுத்து வெளியே வையுங்கள். கவுன்டர் அலமாரியில் இருக்கவே கூடாது.

எங்கள் ஊர் குளிருக்கு இன்சுலினை வெளியே வைத்தால் என்ன? ஊரே ஃபிரிட்ஜ்தானே! (ஊட்டி)

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஊட்டியில் பகலில் அதைவிடச் சூடு, உறைபனி இரவில் ஜன்னலோரம் உறையவும் கூடும். உறைந்தது உருகினாலும் பயன்படாது. ஃபிரிட்ஜுக்குள்ளும் ஃபிரீசர் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

ஷெட்யூல் எச்1 பதிவேட்டை எத்தனை வருஷம் வைக்க வேண்டும்?

மூன்று வருடம்.

ஆடிட்டுக்கு நாளைக்கு வருகிறார்கள். ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட் போட்டு நேர்செய்துவிடலாமா மேடம்?

போடாதீர்கள். முதல் பதிலிலேயே சொன்னேன். ஆடிட்டர் முதலில் எடுப்பதே அந்தத் திருத்தப் பட்டியலைத்தான், அதில் முந்தைய நாள் இரவு நாற்பது வரி இருந்தால் மற்ற எதையும் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்காது. வித்தியாசத்தை அப்படியே தாளில் எழுதி, தெரிந்த காரணத்தைப் பக்கத்தில் போட்டு, தெரியாததற்குத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

மேடம், சாஃப்ட்வேர்...

இன்றைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பேட்ச் எண்ணியவர்கள் தாளைப் படமெடுத்து அனுப்பினால் அடுத்த முறை அதை வைத்தே பேசலாம்.