மகளின் கைச்செலவுக்கு கார்டா, யுபிஐ சர்க்கிளா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தேங்காய் லாரி ஓட்டுகிறார், பாதி நாள் வெளியூர். மகள் தினமும் பஸ்ஸில் பொள்ளாச்சி போய் பிளஸ் ஒன் படிக்கிறாள். இதுவரை என் பழைய போனையும் சிம்மையும் அவளிடம் கொடுத்து, யுபிஐ பின் நம்பரையும் சொல்லி அனுப்பினேன். இப்போது பிள்ளைகளுக்கென்று பிரீபெய்டு கார்டு விளம்பரம் வருகிறது. யுபிஐ சர்க்கிள் என்றும் சொல்கிறார்கள். ஒவ்வொரு செலவுக்கும் அவள் அப்பா போனில் அனுமதி கேட்கிற மாதிரி வைத்துவிட்டால் பயமில்லைதானே? எதை எடுப்பது?

பதில்: எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பின் நம்பரை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பின் தெரிந்தால் உங்கள் கணக்கிலிருந்து ஒரே நாளில் ஒரு லட்சம் ரூபாய் வரை வெளியே போகலாம். மகள் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், பஸ் நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பணம் போனால் அப்புறம் வங்கி முதலில் கேட்பது, "பின் நம்பரை யாரிடமாவது சொன்னீர்களா?" என்றுதான். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய எண்ணைக் கொடுத்து நஷ்டம் வந்தால், வங்கிக்குப் புகார் சொல்லும் நேரம் வரை போன பணம் அவர் தலையில்தான்.

சரி, சர்க்கிளுக்கு வருவோம். இது 2024 ஆகஸ்டில் வந்தது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே மகள் தன் போனில் பணம் கட்டலாம், அவளுக்குத் தனியாகக் கணக்கு வேண்டியதில்லை. இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில், மாதத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் வரம்பு போட்டுவிட்டால் அதற்குள் அவளே கட்டிக்கொள்வாள். இந்த வரம்பு 15,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு முறைக்கு 5,000 ரூபாய்தான் உச்சம். இன்னொன்றில், அவள் ஒவ்வொரு முறை கட்டும்போதும் உங்கள் போனுக்குக் கேள்வி வரும், நீங்கள் பின் போட்டால்தான் பணம் நகரும். நீங்கள் கேட்டிருப்பது இந்த இரண்டாவது.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவள் அப்பா வாளையாறு தாண்டி ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிள்ளை 22 ரூபாய்க்கு ஸ்கேன் செய்துவிட்டு நிற்பாள். கடைக்காரர் சவுண்ட் பாக்ஸைப் பார்ப்பார், அது பேசாது. பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். அப்பா வண்டியை ஓரம்கட்டிப் போனை எடுப்பதற்குள் கேள்வி காலாவதியாகிவிடும். என் அண்ணன் வீட்டில் இப்படித்தான் வைத்தார்கள். மூன்றாவது வாரத்திலேயே அண்ணன் தொகையைக்கூடப் பார்க்காமல் பின் அடிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் 30 ரூபாய் பஃப்ஸுக்குப் பதில் 300 ரூபாய் போய்விட்டது, பிள்ளை ஒரு பூஜ்ஜியம் கூடத் தட்டியிருக்கிறாள். பேக்கரிக்காரர் நல்லவர், திருப்பிக் கொடுத்தார். தினம் பத்து முறை கேட்டால் யாரும் படித்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் சில்லறைச் செலவுக்கு அனுமதி முறை வேண்டாம். எப்போதாவது வருகிற பெரிய செலவுக்கு மட்டும் அதை வையுங்கள்.

அதிலும் அப்பாவை வைக்காதீர்கள். ஒரு பிள்ளையை ஒரே ஒருவருடைய சர்க்கிளில்தான் சேர்க்க முடியும், அம்மா பாதி அப்பா பாதி என்று பிரிக்க முடியாது. கடையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நீங்கள், உங்கள் பெயரிலேயே சேருங்கள். உங்கள் பக்கம் ஐந்து பேர் வரை சேர்க்க இடம் இருக்கிறது, நாளைக்கு மாமியாரையும் சேர்க்கலாம். சேர்க்கும்போது நம்பரைக் கையால் தட்ட விடாது. அவள் போனில் காட்டும் க்யூஆரை நீங்கள் ஸ்கேன் செய்ய வேண்டும், அல்லது அவள் யுபிஐ ஐடியைப் போட்டு அவள் நம்பரை உங்கள் காண்டாக்டில் இருந்து எடுக்க வேண்டும். அவளும் தன் பக்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும். வயது நிபந்தனை ஆப்புக்கு ஆப் மாறும், சேர்க்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆகாதவருக்குத் தன் பெயரில் சிம் கிடைக்காது என்பதால், உங்கள் பெயரிலேயே இன்னொரு சிம் எடுத்து அவள் போனில் போட வேண்டியிருக்கும்.

வரம்பு முறை மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகளுக்கு வாரம் 600 ரூபாய், அதாவது மாதம் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 2,400 ரூபாய் வரம்பு போட்டால் அது மாத வரம்பு, நாள் வரம்பு அல்ல. ஒரு முறைக்கான உச்சமோ 5,000 ரூபாய். ஆக மொத்த 2,400-ம் முதல் தேதியே ஒரே தட்டில் போக வழி இருக்கிறது. அப்படிப் போனால் மிச்ச நாள் எல்லாம் அவள் போன் ஊமைதான். இன்னொன்று, இந்த முறையில் அவள் உங்கள் பின்னைப் போடுவதில்லை, தன் ஆப்பின் பூட்டையோ விரல்ரேகையையோ வைத்தே கட்டுகிறாள். தோழிக்கும் அந்தப் பேட்டர்ன் தெரியும் என்றால் உங்கள் கணக்கின் சாவி தோழியிடமும் இருக்கிறது என்று அர்த்தம். பேட்டர்னை எடுத்துவிட்டு ஆறு இலக்கமோ விரல்ரேகையோ வைக்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் பிரீபெய்டு கார்டுக்கு ஒரு நல்ல குணம். அதில் நீங்கள் போட்ட பணம் மட்டும்தான் இருக்கும், அதுதான் உண்மையான வரம்பு. திங்கட்கிழமை காலை 600 போட்டால் கார்டு தொலைந்தாலும் ஏமாந்தாலும் போவது அதிகபட்சம் 600. குறைந்த அடையாள விவரத்தோடு கொடுக்கிற கார்டில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது. அந்த வகையில் ஏடிஎம்மில் எடுக்கவும் முடியாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது, கடையில் வாங்க மட்டும்தான். பிள்ளைக்கு இது குறை இல்லை, நல்லதுதான். உள்ளே கிடக்கும் பணத்துக்கு வட்டி கிடையாது என்பதால் மாதக்கணக்கில் மொத்தமாகப் போட்டு வைக்காதீர்கள்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வியை நேரடியாகக் கேளுங்கள்: "இந்தக் கார்டின் பணத்தை வைத்து எந்த யுபிஐ க்யூஆரையும் ஸ்கேன் செய்யலாமா?" விளம்பரத்தில் பிள்ளை மாலில் கார்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும். உங்கள் மகள் போகும் பேக்கரியிலும் ஜெராக்ஸ் கடையிலும் தேய்க்கும் மெஷின் இருக்குமா? க்யூஆர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். முழு கேஒய்சி செய்த கார்டுக்குத்தான் எல்லா இடத்திலும் செல்லும்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் உண்டு. குறைந்த விவரக் கார்டுக்கு அது இல்லை. ஸ்கேன் ஆகாது என்று சொன்னால் அந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம்.

கார்டு வந்ததும் ஆப்பில் மூன்று சுவிட்சுகளைப் பாருங்கள்: ஆன்லைன், வெளிநாடு, தட்டிக் கட்டுவது. வெளிநாட்டை ஒருநாளும் திறக்காதீர்கள். தட்டிக் கட்டும் வசதி திறந்திருந்தால் 5,000 ரூபாய் வரை பின் கேட்காது, கார்டைக் கண்டெடுத்தவனும் தட்டலாம். ஆன்லைனை தேவைப்படும்போது திறந்து, வாங்கி முடித்ததும் மூடுங்கள். அப்புறம், ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது என்பதும் முக்கியம். கார்டில் பதிந்திருப்பது மகள் கையில் இருக்கும் சிம் என்றால் ஓடிபி அவளுக்கே வரும், நீங்கள் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கார்டின் பின்பக்கம் சிறு எழுத்தில் வெளியிட்ட வங்கி அல்லது நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆப்பின் பெயர் வேறாக இருக்கலாம். உங்கள் பணத்துக்குப் பொறுப்பு வெளியிட்டவரிடம்தான். புகாரை அங்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும் பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் எழுதலாம், செலவில்லை.

ஆக என் யோசனை இதுதான். ஸ்கேன் ஆகிற கார்டாகக் கிடைத்தால் தினச் செலவுக்கு அதை எடுத்து வாரம் 600 போடுங்கள். பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, டூர் பணம் மாதிரி வருவதற்கு உங்கள் பெயரில் சர்க்கிள், அனுமதி கேட்கும் விதம். ஸ்கேன் ஆகாவிட்டால் கார்டை விட்டுவிட்டு, 2,400 வரம்போடு சர்க்கிள். இதில் ஏதாவது வாங்கித் திருப்பிக் கொடுத்தால் பணம் அவளுக்கு வராது, உங்கள் கணக்குக்கே வரும், அதை முன்பே சொல்லி வையுங்கள். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. பத்து வயது தாண்டிய பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு நடத்தலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. தொகை வரம்பையும் டெபிட் கார்டு கொடுப்பதையும் அந்தந்த வங்கி முடிவு செய்யும். அவள் பிளஸ் டூ போகும்போது யோசிக்கலாம்.

---

கேள்வி: குமுளியில் இருந்து எழுதுகிறேன். ஆறாவது படிக்கும் பையன் டேப்லெட்டில் விளையாடுகிறான். கூகுளில் எங்கள் குடும்பக் குழுவில் சேர்த்து, வாங்கினால் என்னிடம் கேட்கும்படி வைத்திருக்கிறேன். ஆனாலும் விளையாட்டு வைரத்துக்கு 890 ரூபாய் போயிருக்கிறது. எப்படி?

பதில்: முதலில் ரசீதைத் தேடுங்கள். குடும்பக் கார்டில் பிளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் உங்கள் மெயிலுக்கு ரசீது வந்திருக்கும். வந்திருந்தால் ஒன்று, அமைப்பில் "அனுமதி தேவையில்லை" என்று விட்டிருப்பீர்கள், அல்லது பையனுக்கு உங்கள் கூகுள் பாஸ்வேர்டு தெரியும். அனுமதியை உங்கள் போனில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, அவன் டேப்லெட்டிலேயே உங்கள் பாஸ்வேர்டை அடித்தும் கொடுத்துவிடலாம். நீங்கள் அவசரத்தில் ஒருமுறை அடித்ததை அவன் பார்த்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அமைப்பில் பிளே வழியாக வாங்கும் எல்லாவற்றுக்கும் அனுமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பதானால் 48 மணி நேரத்துக்குள் பிளே ஸ்டோரின் ஆர்டர் பட்டியலிலிருந்தே கேட்டுப் பாருங்கள், அந்த நேரத்துக்குள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

ரசீதே இல்லை என்றால் கதை வேறு. கூகுளின் அனுமதிப் பூட்டு பிளேயின் பில்லிங் வழியாகப் போகும் பணத்துக்கு மட்டும்தான். விளையாட்டுக்காரர்களின் தனி இணையதளத்திலோ வேறு டாப்-அப் தளத்திலோ பையன் தன் ஐடி எண்ணைப் போட்டு வாங்கினால் கூகுளுக்கு அது தெரியவே தெரியாது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் அந்த 890-க்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரில் ஒரு தளம் இருந்தால் டேப்லெட்டின் பிரவுசரில் உங்கள் கார்டு சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடி அழியுங்கள்.