வந்த பிள்ளைக்கு 'ஆப்சென்ட்': கிளாஸ் டீச்சருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: என் மகள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஜூலையில் டெங்கு வந்து 14 நாள் போகவில்லை. ஆனால் பள்ளி போர்ட்டலில் 62 வேலை நாளுக்கு 16 நாள் ஆப்சென்ட், 74.19 சதவீதம் என்று காட்டுகிறது. ஆகஸ்ட் 12, 21 இரண்டு நாளும் அவள் பள்ளியில்தான் இருந்தாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். கிளாஸ் டீச்சருக்கு எப்படி எழுதுவது? கோபித்துக்கொண்டு பிள்ளை மேல் காட்டிவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. (ஒரு தாய், திருப்பூர்)

பதில்: பேனாவை எடுக்கும் முன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இரண்டு நாளும் முதல் பீரியடில் எங்கே இருந்தாள் என்று கேளுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்கச் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் கிளாஸ் டீச்சராக இருந்துவிட்டு இப்போது பள்ளி அலுவலகத்தில் வருகைக் கணக்கைப் பார்ப்பவள் நான். எனக்குத் தெரிந்து 'வந்த பிள்ளைக்கு ஆப்சென்ட்' என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை அந்த முதல் பீரியடில்தான் இருக்கும். கேட்காமல் எழுதி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஒரு அப்பா ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு நேரே ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டார். பையன் அன்று காலை நண்பன் வீட்டில் இருந்துவிட்டு மதியம்தான் உள்ளே வந்திருக்கிறான் என்பது கேட் நோட்டைப் புரட்டியதும் தெரிந்தது. அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

போர்ட்டலில் வருகை எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால் தவறு எங்கே நுழைகிறது என்பதும் புரிந்துவிடும். பல பள்ளிகளில் டீச்சர் ஆப்பைத் திறந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் P என்றே இருக்கும். வராதவர் பெயரை மட்டும் தொட்டு A ஆக்கி 'சப்மிட்' கொடுப்பார். நாற்பது பெயர், சின்னத் திரை, பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். ஒரு வரி தள்ளி விரல் பட்டால் பதினேழாம் ரோல் நம்பருக்குப் போகவேண்டியது பதினெட்டுக்குப் போய்விடும். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். அடுத்தது, முதல் பீரியட் மொழிப்பாடமாக இருப்பது. தமிழ்ப் பிள்ளைகள் ஒரு அறை, இந்திப் பிள்ளைகள் இன்னொரு அறை என்று பிரிந்து போயிருப்பார்கள். எதிரில் காலி இருக்கையைப் பார்த்து A போடுவதும் நடக்கும். மூன்றாவது, பஸ் தாமதம். வருகை எடுத்து முடித்தபின் வந்த பிள்ளைக்கு ஆபீஸில் லேட் ஸ்லிப் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு வகுப்புக்குப் போகும், டீச்சர் மேஜையில் கிடக்கும், ஆப்பில் ஏறாது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் எதை நிரூபிக்கிறது என்பதில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். போர்ட்டல் A என்று காட்டுகிறது என்பதை அது நிரூபிக்கும். அதை டீச்சர் மறுக்கப்போவதில்லை, அவர் திரையிலும் அதுதான் இருக்கிறது. பிள்ளை வந்தாள் என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு சான்றும் இல்லை. அதற்கு வீட்டிலேயே தேடவேண்டும்.

ஆகஸ்ட் 12, 21 தேதி போட்ட நோட்டுகளைப் புரட்டுங்கள். வகுப்பில் எழுதியது, டீச்சர் சிவப்பு மையில் தேதியோடு கையெழுத்துப் போட்டது கிடைத்தால் போதும், அதைவிட நல்ல சான்று இல்லை. அன்று ஏதாவது டெஸ்ட் நடந்திருந்தால் திருத்திய தாள், லேப் ரெக்கார்டில் தேதி, டைரியில் குறிப்பு, லேட் ஸ்லிப்பின் மறுபாதி, எதுவும் ஆகும். பள்ளி பஸ்ஸில் போகிறவள் என்றால் பஸ் அட்டெண்டரிடமும் ஒரு நோட்டு இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு சான்று போதும். ஆறு இணைப்பு வைத்தால் டீச்சர் பிறகு பார்க்கலாம் என்று மூடிவைத்துவிடுவார்.

வெட்டி ஒட்டிய ஸ்கிரீன்ஷாட் எங்களுக்கு உதவாது. பெரும்பாலான பெற்றோர் அந்தச் சிவப்பு A-ஐ மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். யாருடைய A, எந்த மாதம் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது? பிள்ளையின் பெயர், வகுப்பு, சேர்க்கை எண், மாதம், அந்தத் தேதியின் கட்டம், கீழே வரும் மொத்த நாளும் சதவீதமும், மேலே போனின் நேரம், இத்தனையும் ஒரே படத்தில் தெரியவேண்டும். ஒரே திரையில் அடங்காவிட்டால் இரண்டு படமாக எடுங்கள். தேதியைச் சுற்றி வட்டம் போட ஆசையாக இருந்தால் ஒரு நகலில் போடுங்கள், அசலைத் தொடாதீர்கள். காலை, மதியம் என்று இரண்டு கட்டம் இருக்கிற போர்ட்டல் என்றால் எந்தக் கட்டத்தில் A என்று பாருங்கள். காலையில் மட்டும் A, மதியம் P என்றால் டீச்சருக்கு அதுவே பாதி விடை.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் கோப்பின் பெயரே `Screenshot_20250829-203114` என்பதுபோல எடுத்த தேதியையும் நேரத்தையும் சொல்லும். படமாக அனுப்பினால் எழுத்து மங்கும், வாங்குபவர் போனில் பெயரும் `IMG-20250829-WA0007` என்று மாறிவிடும். வகுப்பு குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நாற்பது பெற்றோர் முன்னால் சுட்டிக்காட்டினால் எந்த டீச்சருக்கும் மனம் சுருங்கும், நீங்கள் பயப்படுகிற கோபம் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது கடிதம். 'என் மகளுக்கு அநியாயமாக ஆப்சென்ட் போட்டிருக்கிறீர்கள்' என்று தொடங்கும் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படித்ததும் டீச்சர் செய்கிற முதல் காரியம் தன்னைக் காத்துக்கொள்வது, ரிஜிஸ்டரைத் திறப்பது இரண்டாவதுதான். 'போட்டிருக்கிறீர்கள்' என்பதை 'பதிவாகியிருக்கிறது' என்று மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. இன்னொன்று, உண்மையிலேயே வராத 14 நாளை நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். 16-ல் 14 சரி, இரண்டுதான் தவறு என்று சொல்கிறவரின் கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்கள் இடத்தில் நான் இப்படி எழுதுவேன்:

> 30-8-2025
>
> பெறுநர்: வகுப்பாசிரியர், 10 'பி'
>
> பொருள்: ஆகஸ்ட் 12, 21 வருகைப் பதிவைச் சரிபார்க்க வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> என் மகளுக்கு (பெயர், சேர்க்கை எண்) 12-8-2025 செவ்வாய், 21-8-2025 வியாழன் ஆகிய இரண்டு நாட்களும் போர்ட்டலில் ஆப்சென்ட் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டு நாளும் அவள் பள்ளிக்கு வந்திருந்தாள். 12 அன்று காலை பஸ் தாமதமாக வந்ததால் லேட் ஸ்லிப் வாங்கி வகுப்புக்கு வந்ததாகச் சொல்கிறாள். 21 அன்று நடந்த கணக்கு டெஸ்டின் திருத்திய தாள் இருக்கிறது.
>
> ஜூலையில் டெங்குவால் வராத 14 நாட்கள் சரியாகவே பதிவாகியுள்ளன. அவற்றுக்கான விடுப்புக் கடிதமும் மருத்துவச் சான்றும் முன்பே கொடுத்திருக்கிறோம்.
>
> வகுப்பு வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, இந்த இரண்டு நாட்களையும் போர்ட்டலில் திருத்த உதவும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் அலுவலகம் வழியாகத்தான் நடக்கும் என்றால் இக்கடிதத்தை அங்கே அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: 29-8-2025 இரவு எடுத்த ஸ்கிரீன்ஷாட், லேட் ஸ்லிப், டெஸ்ட் தாளின் நகல்.
>
> நன்றியுடன்,
> (பெயர், கையெழுத்து, கைபேசி எண்)

பஸ் தாமதமும் கணக்கு டெஸ்டும் நான் மாதிரிக்குப் போட்டவை. உங்கள் மகள் சொன்னதை அந்த இடத்தில் எழுதுங்கள். கடைசிப் பத்தியில் அலுவலகத்தைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. பல பள்ளிகளில் அன்றைய நாள் முடிந்ததும் வருகைப் பக்கம் பூட்டிக்கொள்ளும், டீச்சர் நினைத்தாலும் மாற்ற முடியாது. திறக்கிற அதிகாரம் பிரின்சிபாலிடமோ ஆபீஸில் போர்ட்டலைக் கவனிக்கும் ஒருவரிடமோ இருக்கும். உங்கள் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரும் ஆதாரமும் ஆகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் பழைய பதிவைத் திருத்த எங்களுக்குத் தயக்கம், தணிக்கையில் கேட்டால் காட்ட ஏதாவது வேண்டும்.

கடிதத்தை மகளிடம் கொடுத்தனுப்பலாம், ஒரு நகலை வைத்துக்கொண்டு. பிரின்சிபாலுக்கு முதல் நாளே நகல் அனுப்பாதீர்கள், அது மேலே புகார் சொன்னதாகத்தான் படும். மூன்று வேலை நாள் பொறுங்கள். பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் அதே கடிதத்தைப் பிரின்சிபாலுக்குக் கொடுங்கள், வார்த்தையைச் சூடாக்காமல்.

இரண்டு நாள் திருந்தினால் 62-க்கு 48, அதாவது 77.42 சதவீதம். பொதுத்தேர்வு எழுத சி.பி.எஸ்.இ. கேட்கும் 75-ஐத் தாண்டிவிடுவாள். இன்று 74 என்று காட்டுவதால் ஹால் டிக்கெட் நின்றுவிடாது, ஆண்டு இன்னும் பாதிகூட ஆகவில்லை, அவள் தொடர்ந்து போகப்போக எண் ஏறும். உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்குச் சான்றோடு கேட்டால் வாரியம் விலக்கு அளிக்கவும் விதியில் இடம் உண்டு. ஆனால் மருத்துவச் சான்று கொடுத்தால் அந்த 14 நாளும் P ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். அவை ஆப்சென்டாகவே இருக்கும், காரணம் மட்டும் கோப்பில் சேரும். ஆகவே சான்றின் நகலை ஆண்டு முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆப்சென்ட் போட்டால் அன்று காலையே பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். போகும்படி பல பள்ளிகளில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு நாளும் வரவில்லையா? அப்படியானால் பள்ளியில் கொடுத்திருப்பது பழைய நம்பராக இருக்கலாம், அல்லது அது அப்பாவின் போனுக்குப் போய்ப் படிக்காமல் கிடக்கலாம். அதைப் பாருங்கள். காலை ஒன்பதரைக்கு வந்த செய்திக்குப் பத்து மணிக்குள் ஒரு போன் போட்டால் கடிதமே தேவைப்படாது, அந்த நேரத்தில் பக்கம் இன்னும் பூட்டியிருக்காது.

'சரி பண்ணியாச்சு மேடம்' என்று டீச்சர் சொன்னதும் நிம்மதியாகிவிடாமல் மறுநாள் போர்ட்டலைத் திறந்து இரண்டு கட்டமும் P ஆகியிருக்கிறதா, கீழே சதவீதமும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சில போர்ட்டல்களில் கட்டம் உடனே மாறும், சதவீதம் இரவில்தான் புதுப்பிக்கப்படும். இரண்டு நாள் கழித்தும் 74.19 என்றே நின்றால் டீச்சரிடம் போகவேண்டாம். அது ஆபீஸ் வேலை, எங்களைக் கேளுங்கள்.