ஆர்டரை ரத்து செய்து அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் கடிதம்: கேள்வி பதில்

திருப்பூர், பனியன் யூனிட்: அட்டைப்பெட்டிக்கு 90,000 அட்வான்ஸ் கொடுத்தோம். மார்ச் 10 வரணும், வரலை. இதை அனுப்பலாமா? "ஐயா, பெட்டி இன்னும் வரவில்லை. எங்களுக்கு மிகவும் சிரமமாக உள்ளது. தயவுசெய்து ஆர்டரை கேன்சல் செய்து, முடிந்தால் அட்வான்ஸை சீக்கிரம் அனுப்பி வைக்கவும்."

அனுப்பாதீர்கள். "கேன்சல் செய்து" என்றால் ரத்து செய்யும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டீர்கள். அவர் செய்யாவிட்டால் ஆர்டர் அப்படியே நிற்கும். "முடிந்தால்" என்ற சொல் உங்களுக்கு வர வேண்டிய பணத்தை அவர் செய்யும் உதவியாக மாற்றுகிறது. "சீக்கிரம்" என்பதற்கு நாள் கிடையாது. எந்த ஆர்டர், எந்தத் தேதியில் எப்படிக் கட்டிய பணம் என்பதும் இல்லை. சிரமத்தைச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள், அதனால் ஆவது ஒன்றுமில்லை.

திருத்தித் தரும் முன் ஒன்று தெரிய வேண்டும். மார்ச் 10க்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?

அதே நபர்: 12ஆம் தேதி "பரவாயில்லண்ணே, அடுத்த வாரம் அனுப்புங்க"ன்னு போட்டேன். அவர் 18க்குள் வரும்னார். இன்னைக்கு 20, இன்னும் வரலை.

இந்த "பரவாயில்லண்ணே"தான் சிக்கல். சொன்ன தேதி முக்கியம் என்றிருந்த ஒப்பந்தத்தில், தேதி தவறியதும் ரத்து செய்யலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. நீங்களே தேதியைத் தள்ளிப்போட்ட பிறகு, "நாள் முக்கியம் என்று அவர்களே நினைக்கவில்லை" என்று அவர் சொல்ல இடம் கிடைத்துவிட்டது. அதனால் இரண்டு கடிதம். இன்று போக வேண்டியது:

"பி.ஓ. 118, தேதி 24 பிப்ரவரி. 4,000 பெட்டிகள் மார்ச் 10க்குள் வர வேண்டியவை. பிறகு நீங்கள் சொன்ன 18ஆம் தேதியும் கடந்துவிட்டது. மார்ச் 23 மாலை 5 மணிக்குள் முழு எண்ணிக்கையும் எங்கள் குடோனுக்கு வர வேண்டும். இதுவே கடைசித் தேதி. தவறினால் ஆர்டரை ரத்து செய்வோம்."

23ஆம் தேதியும் வரவில்லை என்றால், மறுநாள் காலை இது:

"பி.ஓ. 118ஐ இன்று, மார்ச் 24, ரத்து செய்கிறோம். மார்ச் 20 கடிதத்தில் கொடுத்த கடைசித் தேதியிலும் சரக்கு வரவில்லை. இனி சரக்கு அனுப்ப வேண்டாம். வந்தால் இறக்க மாட்டோம். பிப்ரவரி 25 அன்று நெஃப்ட்டில் அனுப்பிய ரூ. 90,000 (யூடிஆர் எண் ......) முழுவதையும், பணம் வந்த அதே கணக்குக்கு மார்ச் 31க்குள் திருப்பி அனுப்பவும். எங்கள் மற்ற உரிமைகள் அப்படியே நிற்கின்றன."

"இறக்க மாட்டோம்" என்ற வரியை விடாதீர்கள். ரத்துக் கடிதம் கிடைத்த அன்று மாலையே, பில் போட்டு வண்டியை அனுப்பிவிடுவது வழக்கமான தந்திரம். வாட்ச்மேன் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக அவர் வாதாடுவார். கடிதம் போகும் முன்பே கேட்டில் சொல்லி வையுங்கள். அவருடைய பில் ஜிஎஸ்டி போர்டலில் தெரிந்தால் ஐ.எம்.எஸ். பகுதியில் நிராகரியுங்கள்; அந்த வரிக்கு ஐ.டி.சி. எடுத்துவிட்டு "சரக்கே வாங்கவில்லை" என்று சொல்ல முடியாது.

கோவை, வழக்கறிஞரிடம் ஜூனியர்: வியாபார ஒப்பந்தத்தில் நாள் முக்கியம் என்றுதான் கோர்ட்டே எடுத்துக்கொள்ளும். முதல் கடிதம் தேவையே இல்லை, மூன்று நாள் வீண்.

பாதி சரி. விற்பனையாளரின் டெலிவரி தேதியை முக்கியமாக எடுத்துக்கொள்வதே பொதுவான போக்கு. ஆனால் இவர் தேதியை நீட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த வரி இல்லையென்றால் நானும் நேராக ரத்து என்றே சொல்லியிருப்பேன்.

ஜூனியர்: நீட்டியதே 18 வரைக்கும்தானே! அந்தத் தேதியும் போயாச்சே.

அது நல்ல வாதம், ஜெயிக்கவும் கூடும். 90,000 ரூபாய்க்காக அந்த வாதத்தை மேடையேற்ற வேண்டுமா என்பதுதான் என் கணக்கு. மூன்று நாள் பொறுத்தால் அந்தக் கேள்வியே எழாது.

பெட்டி சப்ளையர்: எல்லாரும் வாங்குறவர் பக்கமே பேசுறீங்க. பிரிண்டிங் ஸ்டீரியோ, டை எல்லாம் செஞ்சாச்சு. அவங்க பேர் போட்ட பெட்டியை நான் யாருக்கு விற்பேன்? அட்வான்ஸ்னா அதுக்குத்தானே?

தாமதம் யாருடையது என்பதைப் பாருங்கள். நீங்கள் தேதி தவறியதால் ரத்தாகிறது என்றால் ஸ்டீரியோ செலவு உங்களோடு. வாங்குபவர் மனம் மாறி ரத்து செய்தால் உங்கள் உண்மையான நஷ்டத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பலாம். டை செய்தவரின் பில்லைக் காட்ட வேண்டும். அச்சாரம் வேறு, முன்பணம் வேறு. பேச்சை உறுதிப்படுத்த வாங்கிய அச்சாரம், வாங்குபவர் பின்வாங்கினால் போகலாம். விலையில் ஒரு பங்காக வாங்கிய முன்பணம் தானாகப் போகாது.

பெட்டி சப்ளையர்: என் கொட்டேஷனில் "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது"ன்னு கீழே அச்சடிச்சிருக்கே.

நீங்களே தேதி தவறிவிட்டு அந்த வரியைக் காட்டினால் நிற்பது கடினம். மறுபக்கம் மனம் மாறினால் ஓரளவு உதவும்; அப்போதும் நியாயமான தொகை வரைதான்.

ஜூனியர்: நஷ்டத்தை நிரூபிக்காமல் அட்வான்ஸைப் பிடிக்க முடியாது.

பெட்டி சப்ளையர்: அச்சகத்துக்கு வந்து பாருங்க, நஷ்டம் கண்ணுக்குத் தெரியும்.

இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கரூர்: நாங்கள்தான் மனம் மாறி ரத்து செய்கிறோம். அதே கடிதம் போதுமா?

போதாது. "தாமதத்தால்" என்று பொய்க் காரணம் எழுதாதீர்கள். அவர் தேதி தவறவில்லை என்று நிரூபித்தால் கடிதம் முழுவதும் கெட்டுவிடும். "இன்றுவரை செய்த வேலைக்கான செலவை பில்லுடன் தெரிவிக்கவும், அது போக மீதியை இந்தத் தேதிக்குள் அனுப்பவும்" என்று கேளுங்கள். இன்றே வேலையை நிறுத்தச் சொல்லும் வரி முதலில் வரட்டும். நாள் தள்ளினால் செலவு ஏறும்.

மதுரை: எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாள் தாண்டினால் கூட்டு வட்டி கேட்கலாமே?

அது சரக்கு கொடுத்த சிறு சப்ளையருக்கு வாங்குபவர் வைத்த பாக்கிக்கான சட்டம். அட்வான்ஸ் கொடுத்த வாங்குபவருக்கு அந்த வட்டி கிடையாது.

சென்னை: சப்ளையர் "ஜிஎஸ்டி கட்டிட்டேன், அதைக் கழிச்சுத்தான் தருவேன்"ங்கிறார்.

சரக்கா, சேவையா? சரக்குக்கான அட்வான்ஸுக்கு 2017 நவம்பர் 15 முதல் வாங்கும்போதே வரி இல்லை. பில் போட்டிருந்தால் கிரெடிட் நோட் போடட்டும். சேவைக்கு அட்வான்ஸ் வரி உண்டு. அதற்கு ரீஃபண்ட் வவுச்சர் போட்டு அவர் சரிசெய்துகொள்ளலாம். எப்படியும் அது உங்கள் கழிவு அல்ல.

சேலம்: என் கடிதத்தைத் திருத்தித் தாங்க: "அட்வான்ஸை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளவும் அல்லது திருப்பித் தரவும்."

"அல்லது" போட்டால் அவர் முதலாவதைத்தான் எடுப்பார். பணம் வேண்டும் என்றால் பணத்தை மட்டும் கேளுங்கள். யூடிஆர் எண்ணும் இல்லை.

நாமக்கல்: போலீஸ்ல கம்ப்ளைண்ட் கொடுப்போம்னு ஒரு வரி சேர்க்கவா?

வேண்டாம். சாதாரண தாமதம் சிவில் விஷயம்.

ஓசூர்: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லுமா?

செல்லும், ஆனால் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்ட்டிலும் ஒன்று. "பாத்துட்டேன், அடுத்த மாசம் தரேன்" என்று அவர் எழுதிப் பதில் போட்டால் அழிக்காதீர்கள். பணத்துக்கு வழக்குப் போட இருக்கும் மூன்று வருஷக் கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். வாட்ஸ்அப் பதில் அந்த அளவுக்கு நிற்குமா என்பதில் சண்டை வரலாம். லெட்டர்ஹெட்டில் வாங்கப் பாருங்கள்.

திண்டுக்கல்: என் கடிதம் சரியா? "ஆர்டரை ரத்து செய்கிறோம். அட்வான்ஸை விரைவில் அனுப்பவும்."

விரைவில் என்றால் எந்தத் தேதி? எந்த ஆர்டர்? யூடிஆர் எண் எங்கே?