நூறு தடவை சொல்லியும் வராதது எப்படி வந்தது: ஒரு டிரேயின் கதை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, அறிவுத்திறன் குறைபாடு உண்டு. சாப்பிட்ட டிரேயைக் கொண்டுபோய் வைக்க நூறு தடவை சொல்லிவிட்டேன், வரவில்லை. பள்ளியில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். உங்கள் மகன் வயதுள்ள ஒரு மாணவனுக்கு இதே வேலையைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஏழு வாரம் ஆனது.

"டிரேயை வை" என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்கு அது ஆறு வேலை. கிண்ணம், கரண்டி, டிஷ்யூ எல்லாவற்றையும் டிரேயில் சேர்க்க வேண்டும். எழுந்து நாற்காலியை உள்ளே தள்ள வேண்டும். இரண்டு கையாலும் டிரேயைப் பிடித்து, ரேக் வரை நடந்து, சரியான ரேக்கைப் பார்த்து, உள்ளே தள்ள வேண்டும். நாங்கள் கடைசியிலிருந்து ஆரம்பித்தோம். முதல் ஐந்தையும் அவன் பார்க்க நானே செய்தேன். ரேக் முன்னால் நின்று டிரேயை உள்ளே தள்ளுவது மட்டும் அவன் வேலை. தள்ளியதும் வேலை முடிந்தது, பாராட்டும் கிடைத்தது. மூன்று நாள் தொடர்ந்து உதவியில்லாமல் தள்ளிய பிறகுதான் அதற்கு முந்தைய படியைச் சேர்த்தேன்.

செய்து காட்டும்போது எதிரில் நிற்காதீர்கள். எதிரில் நின்றால் உங்கள் வலது கை அவனுக்கு இடது பக்கம் தெரியும். பக்கத்தில், அவன் பார்க்கும் திசையிலேயே நின்று, பேசாமல் மெதுவாகச் செய்யுங்கள். அப்புறம் ஒரே ஒரு சொல்தொடர்: "ரெண்டு கை." வீட்டில் பாட்டி தமிழிலும், அப்பா ஆங்கிலத்திலும், பணிப்பெண் வேறு மாதிரியும் சொன்னால் அது அவனுக்கு மூன்று வேறு கட்டளைகள். பள்ளியில் என்ன சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு, வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள்.

சொன்ன பிறகு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெற்றோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இரண்டு நொடியில் மறுபடி சொல்கிறோம், பிறகு கொஞ்சம் சத்தமாக. முதல் இரண்டு தடவை காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. ஐந்து எண்ணியும் அசையாவிட்டால் விரலால் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் முழங்கையை லேசாகத் தொடுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது கடைசி வழி, அதையும் நாளாக நாளாகக் குறைக்க வேண்டும். என் மாணவன் ஒவ்வொரு படிக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்தான். அவன் டிரேயைப் பார்த்துச் செய்யவில்லை, என்னை வைத்துத்தான் செய்கிறான் என்பது அதிலிருந்து புரிந்தது. அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். நான்கைந்து நாளில் முகம் தேடுவது நின்றது.

பாராட்டில் நான் ஒரு தவறு செய்தேன். டிரேயை வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு "வெரி குட்" என்றேன். மறுநாள் அவன் டிரேயைத் தொடாமலே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் கணக்கில் பாராட்டு உட்கார்ந்ததற்கு! அன்று முதல், டிரே ரேக்கில் போய் நின்ற அந்த நொடியிலேயே, "டிரேயை உள்ளே தள்ளிட்டே, சூப்பர்!" என்று செய்ததன் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். ஒரு படி புதிதாக இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் பாராட்டு வேண்டும். பழகியதும் மூன்றுக்கு ஒன்று போதும்.

சூப் கிண்ணத்தோடு ஆரம்பிக்காதீர்கள். முதலில் காலி டிரே, பிறகு பிளாஸ்டிக் கப், கடைசியில் கிண்ணம். ஒரு படி ஒரு வாரமாக நகரவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் அந்தப் படியையே இரண்டாக உடைத்துப் பாருங்கள். எந்தப் படிக்கு உதவி தேவைப்பட்டது என்று தினமும் காலண்டரில் குறித்தால் இது தானாகத் தெரியும்.

பள்ளி கேன்டீனில் அவனுக்கு எல்லாம் வந்துவிட்டது. உணவங்காடி நிலையத்துக்குக் கூட்டிப்போனோம், டிரேயோடு அப்படியே நின்றுவிட்டான். அங்கே ஹலால் ரேக் தனி, மற்றது தனி, உயரமும் வேறு. ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் தானாக வருவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொதுவானது, மறந்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். டிரேயின் நிறம் இடத்துக்கு இடம் மாறும், அதை நம்ப முடியாது. அதனால் ஹலால் பலகையைப் படம் எடுத்து, அதே படத்தைக் காட்டி, மூன்று இடங்களில் கடைசிப் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை இரண்டே வாரம்தான் ஆனது. ஏழு வாரத்தில் அதுவும் அடக்கம்.

நீங்கள் ஆரம்பிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். மூன்று மணிக்குப் போனால் மேசைகள் காலியாக இருக்கும், ரேக் முன்னால் ஐந்து எண்ணிக் காத்திருந்தாலும் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.